3000 சுற்று மோட்டார், 14 மீட்டர் வேகம்

மரக்கதவில் பூவேலை செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நான்கடி அகலப் பலகையின் குறுக்கே செதுக்குத்தலை இடமும் வலமும் ஓட வேண்டும். அந்தக் குறுக்கு அச்சை ஓட்டுவது ஒரு பால் ஸ்க்ரூ. 25 மி.மீ. விட்டம், இரு முனை பேரிங்குகளுக்கும் நடுவே 1500 மி.மீ. இடைவெளி. முனையில் 750 வாட் சர்வோ மோட்டார். அதன் பெயர்ப்பலகையில் 3000 ஆர்.பி.எம் என்று எழுதியிருக்கிறது. இந்த அச்சு நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் ஓடும்?

கணக்கு ஒரே வரிதான். பால் ஸ்க்ரூ ஒரு முழுச் சுற்று சுற்றினால், அதில் மாட்டியிருக்கும் நட் ஒரு குறிப்பிட்ட தூரம் நகர்கிறது. அந்தத் தூரத்துக்கு லீட் என்று பெயர். நிமிடத்துக்கு எத்தனை சுற்றோ, அத்தனை லீட் தூரம் நட் நகரும். மோட்டாருக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே கியரோ பெல்ட்டோ இருந்து வேகத்தைக் குறைத்தால், அந்தக் குறைப்பு விகிதத்தால் வகுக்க வேண்டும்.

வேகம் (மி.மீ./நிமிடம்) = மோட்டார் ஆர்.பி.எம் × லீட் (மி.மீ.) ÷ குறைப்பு விகிதம்

5 மி.மீ. லீட் உள்ள ஸ்க்ரூவை மோட்டாருடன் கப்ளிங் போட்டு நேராக இணைத்தால் குறைப்பு விகிதம் 1. அப்போது 3000 × 5 ÷ 1 = 15,000 மி.மீ., அதாவது நிமிடத்துக்கு 15 மீட்டர். பலரும் இங்கே கணக்கை மூடிவிட்டு ஸ்க்ரூவுக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் இந்த அச்சு 15 மீட்டர் வேகத்தில் ஓடாது. ஓடவிட்டால் ஸ்க்ரூ அதிர்ந்து, பேரிங்கும் நட்டும் சீக்கிரம் கெட்டுப்போகும். பெருக்கலில் தவறே இல்லை. மோட்டார் சுற்றுவதை ஒரு கணக்காகவும், ஸ்க்ரூ சுற்றுவதை வேறொரு கணக்காகவும் வைக்காததுதான் தவறு.

முதலில் லீட்டைச் சரியாகப் பிடிக்க வேண்டும். பால் ஸ்க்ரூ விற்கும் கடையில் 1605, 2005, 2510 என்று எண்களால் பேசுவார்கள். முதல் இரண்டு இலக்கம் விட்டம், அடுத்த இரண்டு இலக்கம் லீட். 2510 என்றால் 25 மி.மீ. விட்டம், 10 மி.மீ. லீட். எண் அழிந்துபோன பழைய ஸ்க்ரூ கையில் கிடைத்தால்தான் சிக்கல். அடுத்தடுத்த இரண்டு புரிகளுக்கு நடுவே ஸ்கேலை வைத்து அளப்பார்கள். அப்படி அளந்தால் கிடைப்பது பிட்ச். ஸ்க்ரூவில் ஒரே ஒரு புரிதான் வளைந்து செல்கிறது என்றால் பிட்ச்சும் லீட்டும் ஒன்று. இரண்டு தனித்தனிப் புரிகள் பக்கம் பக்கமாகச் சுற்றிச் சென்றால், ஒரு சுற்றில் நட் இரண்டு பிட்ச் தூரம் நகரும். 5 மி.மீ. பிட்ச் என்று எழுதிக்கொண்டவர், உண்மையில் 10 மி.மீ. லீட் உள்ள ஸ்க்ரூவை வைத்திருப்பார். ஆகவே அளக்க வேண்டியது புரிகளின் இடைவெளியை அல்ல. ஸ்க்ரூவின் முனையில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, நட்டைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூவை சரியாகப் பத்துச் சுற்று சுற்றுங்கள். நட் நகர்ந்த தூரத்தைப் பத்தால் வகுத்தால் அதுதான் லீட். பத்துச் சுற்று எடுப்பதற்குக் காரணம் உண்டு. கையால் சுற்றும்போது கோட்டை நேர்படுத்துவதில் வரும் சிறு பிழையும் ஸ்கேல் பிழையும் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இந்தச் சோதனையில் 50 மி.மீ. வராமல் 50.8 மி.மீ. வந்தால், அதை அளவுப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். அது அங்குலக் கணக்கில் செய்த ஸ்க்ரூ. அங்குலத்துக்கு ஐந்து புரி, அதாவது 0.2 அங்குலம், அதாவது 5.08 மி.மீ. லீட். அமெரிக்க இயந்திரங்களில் இருந்து கழற்றிய ஸ்க்ரூக்களில் இது சாதாரணம். கண்ணால் பார்த்தால் 5 மி.மீ. ஸ்க்ரூவுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு மீட்டர் ஓட்டத்தில் 16 மி.மீ. தள்ளிப்போய் நிற்கும்.

அடுத்தது குறைப்பு விகிதம். டைமிங் பெல்ட் என்றால் புல்லிகளின் பற்களை எண்ண வேண்டும். மோட்டார் புல்லியில் 20 பல், ஸ்க்ரூ புல்லியில் 40 பல் என்றால் விகிதம் 40 ÷ 20 = 2. மோட்டார் இரண்டு சுற்று சுற்றினால் ஸ்க்ரூ ஒரு சுற்று. புல்லியின் வெளிவிட்டத்தை வெர்னியரில் அளந்து வகுக்கக் கூடாது. பெல்ட்டின் உள்ளே ஓடும் கயிறுகள் இருக்கும் கோட்டில்தான் உண்மையான சுற்றளவு இருக்கிறது. அந்தக் கோடு புல்லிப் பல்லின் உச்சியைவிடச் சற்று வெளியே இருக்கும். சிறிய புல்லிக்கும் பெரிய புல்லிக்கும் அந்த இடைவெளி ஒன்றே என்பதால், வெளிவிட்டங்களை வகுத்தால் வரும் விகிதம் தவறாகிவிடும். பற்களை எண்ணினால் இந்தப் பிரச்சினையே இல்லை. பல் எண்ணிக்கையில் பின்னம் கிடையாது.

கியர்பாக்ஸில் பற்கள் உள்ளே மறைந்திருக்கும். அங்கே பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்ப வேண்டியிருக்கிறது, ஆனால் எல்லா எழுத்தையும் நம்ப முடியாது. சர்வோவுக்கென்று செய்யும் நல்ல பிளானட்டரி கியர்பாக்ஸில் 5 என்றால் 5 தான். விலை குறைந்த கியர் ஸ்டெப்பர் மோட்டார்கள் சிலவற்றில் 5:1 என்று விற்பது உள்ளபடி 5.18:1. சரியாகச் சொன்னால் 57 ÷ 11. அதையே இரண்டு அடுக்காக வைத்தால் 27:1 என்று விற்பார்கள், கணக்கில் அது 26.85. முதல் வகையை 5 என்று எடுத்துக்கொண்டால் எல்லா நீளமும் மூன்றரை சதவீதம் குறைவாக வரும். தரவுத்தாளில் பின்னமாகக் கொடுத்திருந்தால் அந்தப் பின்னத்தையே கணக்கில் போடுங்கள். தசமமாக்கி இரண்டு இலக்கத்தில் வெட்டாதீர்கள்.

இனி நம் ரவுட்டருக்கு வருவோம். 5 மி.மீ. லீட், நேர் இணைப்பு, 15 மீட்டர் என்ற கணக்கு ஏன் நடைமுறையில் நிற்கவில்லை?

ஸ்க்ரூ நீண்ட, ஒல்லியான ஒரு எஃகுத் தண்டு. எந்தத் தண்டும் முழுக்க நேராக இருக்காது. நடுவில் மயிரிழை அளவாவது வளைவு இருக்கும். தண்டு சுற்றும்போது அந்த வளைவு வெளியே இழுக்கப்படுகிறது. வேகம் குறைவாக இருக்கும்வரை எஃகின் விறைப்பு அதைப் பிடித்து வைக்கிறது. சுற்றும் வேகம், அந்தத் தண்டு இயல்பாக அதிரும் வேகத்தை நெருங்கும்போது பிடி விட்டுப்போகிறது. இருவர் பிடித்துச் சுற்றும் ஸ்கிப்பிங் கயிற்றைப் போல ஸ்க்ரூவின் நடுப்பகுதி வெளியே வீங்கிச் சுழலத் தொடங்குகிறது. இது நிகழும் வேகம்தான் ஸ்க்ரூவின் மாறுநிலை வேகம். இந்த எல்லைக்கும் மோட்டாரின் திறனுக்கும் தொடர்பே இல்லை. ஸ்க்ரூவின் தடிமன், நீளம், முனைகளை எப்படிப் பிடித்திருக்கிறோம் என்ற மூன்றும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

ஸ்க்ரூ தயாரிப்பாளர்களின் கேட்லாக்குகளில் இதற்கு ஒரு வாய்ப்பாடு இருக்கும்:

n = f × d ÷ L² × 10⁷

இதில் n என்பது ஸ்க்ரூ பாதுகாப்பாகச் சுற்றக்கூடிய அதிகபட்ச ஆர்.பி.எம். d என்பது புரியின் அடிவிட்டம், L என்பது பேரிங்குகளுக்கு நடுவே உள்ள தூரம், இரண்டும் மி.மீ. கணக்கில். f என்பது முனைகளின் பிடிப்பைக் குறிக்கும் எண். ஒரு முனையை இறுகப் பிடித்து மறுமுனையை வெறுமனே தாங்கியிருந்தால் 15.1. இரு முனைகளையும் இறுகப் பிடித்திருந்தால் 21.9. இரு முனைகளையும் வெறுமனே தாங்கியிருந்தால் 9.7. ஒரு முனையை மட்டும் பிடித்து மறுமுனையை அப்படியே விட்டிருந்தால் 3.4. அதிர்வு வேகத்தில் 80 சதவீதம்வரைதான் போகலாம் என்ற பாதுகாப்பு இந்த எண்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

25 மி.மீ. விட்டம், 5 மி.மீ. லீட் ஸ்க்ரூவில் புரியின் அடிவிட்டம் ஏறக்குறைய 22 மி.மீ. நம் ரவுட்டரில் மோட்டார் பக்கம் இறுகப் பிடித்த பேரிங், மறுபக்கம் தாங்கும் பேரிங். ஆகவே 15.1 × 22 ÷ (1500 × 1500) × 10⁷ = 1476 ஆர்.பி.எம். மோட்டார் 3000 சுற்றத் தயாராக இருக்கிறது, ஸ்க்ரூவோ 1476-க்கு மேல் சுற்றக் கூடாது. 1476 × 5 = 7380 மி.மீ. ஆகவே இந்த அச்சின் உண்மையான வேகம் நிமிடத்துக்கு 7.4 மீட்டர்தான். காசு கொடுத்து வாங்கிய மோட்டாரின் பாதி வேகம் பயன்படாமலே கிடக்கிறது.

இந்த வாய்ப்பாட்டில் நீளம் வர்க்கமாக வகுக்கிறது என்பதைக் கவனியுங்கள். அதே ஸ்க்ரூவை 1000 மி.மீ. இடைவெளியில் பூட்டினால் எல்லை 3322 ஆர்.பி.எம். ஆகிவிடும், அதிர்வைப் பொறுத்தவரை 3000 சுற்று தடையில்லை. சிறிய இயந்திரத்தில் நன்றாக ஓடிய ஒரு வடிவமைப்பை அரை மீட்டர் நீட்டிப் பெரிய இயந்திரம் செய்பவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். நீளம் ஒன்றரை மடங்கு, எல்லை பாதிக்கும் கீழே.

சரி, என்ன செய்யலாம்? எளிய வழி ஒன்று இருக்கிறது. முதல் பார்வைக்கு அது வீண் சுற்றுவேலைபோலத் தெரியும், எனக்கு இந்தக் கணக்கிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். 5 மி.மீ. லீட் ஸ்க்ரூவுக்குப் பதிலாக 10 மி.மீ. லீட் ஸ்க்ரூவைப் போடுங்கள். மோட்டாரை நேராக இணைக்காமல், 20 பல் 40 பல் புல்லி வைத்து வேகத்தைப் பாதியாக்குங்கள். லீட்டை இரண்டு மடங்காக்கிவிட்டு, அதே இரண்டால் வகுத்தால் என்ன லாபம் என்று கேட்கத் தோன்றும். மோட்டாரின் கணக்கில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. மோட்டார் ஒரு சுற்று சுற்றினால் செதுக்குத்தலை முன்பும் 5 மி.மீ. நகர்ந்தது, இப்போதும் 5 மி.மீ. நகர்கிறது. ஆனால் ஸ்க்ரூவின் கணக்கு முழுக்க மாறிவிட்டது. அதே வேகத்துக்கு ஸ்க்ரூ இப்போது பாதிச் சுற்றுதான் சுற்றுகிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 10 மி.மீ. லீட் ஸ்க்ரூவில் குண்டுகள் பெரியவை, புரியும் ஆழமானது, ஆகவே அடிவிட்டம் சற்றுக் குறையும். 21 மி.மீ. என்று எடுத்துக்கொள்கிறேன். வாங்கும் ஸ்க்ரூவின் கேட்லாக்கில் இருக்கும் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். 15.1 × 21 ÷ (1500 × 1500) × 10⁷ = 1409 ஆர்.பி.எம். ஸ்க்ரூவை 1400-இல் நிறுத்திக்கொள்வோம். அப்போது மோட்டார் 2800 சுற்றும். வேகம் = 2800 × 10 ÷ 2 = 14,000 மி.மீ. நிமிடத்துக்கு 14 மீட்டர். மோட்டார் அதேதான், பேரிங்கும் அதேதான், வேகம் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

தள்ளும் விசை குறைந்திருக்குமே என்ற சந்தேகம் வரலாம். மோட்டார் ஒரு சுற்றில் செய்யும் வேலைதான் அந்தச் சுற்றில் நட் நகரும் தூரத்துக்குள் விசையாக மாறுகிறது. ஆகவே விசையைத் தீர்மானிப்பதும் மோட்டாரின் ஒரு சுற்றுக்கு எத்தனை மி.மீ. என்பதுதான். 750 வாட் சர்வோவின் திருப்புவிசை ஏறக்குறைய 2.4 நியூட்டன் மீட்டர். பால் ஸ்க்ரூவின் திறன் 90 சதவீதம் என்று கொண்டால், 5 மி.மீ.க்கு 2 × 3.14 × 2.4 × 0.9 ÷ 0.005, அதாவது சுமார் 2700 நியூட்டன். இரண்டு அமைப்பிலும் இது ஒன்றே. பெல்ட்டில் போகும் சிறு இழப்பு மட்டும் புதிது. 10 மி.மீ. ஸ்க்ரூவை மோட்டாருடன் நேராகவே இணைத்திருந்தால் மோட்டார் 1400 சுற்றிலேயே 14 மீட்டர் வந்திருக்கும், ஆனால் விசை பாதியாகிப் போயிருக்கும். செதுக்கும் இயந்திரத்தில் அந்த விசை தேவை. அதோடு கனமான தலையை நகர்த்தும் சுமையும் மோட்டாருக்கு நான்கு மடங்கு அதிகமாகத் தெரிந்திருக்கும், சர்வோவைச் சீராக அமைப்பது அந்த அளவுக்குக் கடினமாகும்.

இதைவிட வேகம் வேண்டும் என்பவர்கள் மறுமுனையையும் இறுகப் பிடிக்கலாம். அப்போது எல்லை 21.9 × 21 கணக்கில் 2044 ஆர்.பி.எம். ஆகும். புல்லி விகிதத்தை 1.5 ஆக்கினால் மோட்டார் 3000, ஸ்க்ரூ 2000, வேகம் 20 மீட்டர். விசை நான்கில் ஒரு பங்கு குறையும். இரு முனைகளையும் இறுக்கினால், ஓடிச் சூடேறும் ஸ்க்ரூ நீள இடமில்லாமல் பேரிங்குகளை நெருக்கும் என்பதால், பூட்டும்போதே ஸ்க்ரூவைச் சற்று இழுத்துப் பிடித்துப் பூட்ட வேண்டும். அது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை.

குட்டையான அச்சில் கதை வேறு. செதுக்குத்தலையை மேலும் கீழும் நகர்த்தும் அச்சில் 300 மி.மீ. ஸ்க்ரூ இருந்தால், மேலே உள்ள வாய்ப்பாடு முப்பதாயிரத்துக்கும் மேலான ஆர்.பி.எம். காட்டும். அதை நம்பக் கூடாது. அங்கே தடை வேறிடத்திலிருந்து வருகிறது. நட்டுக்குள் குண்டுகள் உருண்டு, ஒரு வளைவான வழியில் திரும்பி, மறுபடி தொடக்கத்துக்கு வருகின்றன. மிக வேகமாகச் சுற்றினால் அந்தத் திருப்பத்தில் குண்டுகள் மோதி வழியையே உடைக்கும். குண்டுகள் ஓடும் வட்டத்தின் விட்டத்தை ஆர்.பி.எம்மால் பெருக்கினால் வரும் எண், வழக்கமான நட்டுகளில் 70,000-ஐத் தாண்டக் கூடாது. உருட்டிச் செய்த ஸ்க்ரூக்களில் 50,000 என்று கொள்வது நல்லது. வேகத்துக்கென்றே செய்த நட்டுகள் இதைவிட அதிகம் தாங்கும். 25 மி.மீ. ஸ்க்ரூவில் குண்டு வட்டம் ஏறக்குறைய 25.75 மி.மீ. ஆகவே எவ்வளவு குட்டையாக இருந்தாலும் அது சுமார் 2700 ஆர்.பி.எம்மோடு நின்றுவிட வேண்டும். நம் குறுக்கு அச்சின் 1400 சுற்று இந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது.

இயந்திரப் பக்கம் முடிந்தது. ஆனால் 14 மீட்டர் என்று கணக்கு வந்த அச்சு, கட்டி முடித்தபின் 6 மீட்டரில் திணறி நிற்பதும் உண்டு. பலர் அப்போது மோட்டாரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் பேனலுக்குள் இருக்கும்.

கன்ட்ரோலர் மோட்டாருக்குக் கட்டளை தருவது மின்துடிப்புகளால். ஒரு துடிப்புக்கு இவ்வளவு திருப்பம் என்று சர்வோ டிரைவில் அமைத்திருப்பார்கள். ஒரு சுற்றுக்கு 10,000 துடிப்பு என்று வைத்தால், ஒரு மி.மீ.க்கு எத்தனை துடிப்பு?

துடிப்பு/மி.மீ. = ஒரு சுற்றுக்குத் துடிப்பு × குறைப்பு விகிதம் ÷ லீட்

10,000 × 2 ÷ 10 = 2000. நிமிடத்துக்கு 14,000 மி.மீ. என்பது நொடிக்கு 233.3 மி.மீ. ஆகவே நொடிக்கு 4,66,667 துடிப்புகள் வேண்டும், அதாவது 467 கிலோஹெர்ட்ஸ். டிரைவின் துடிப்பு உள்ளீட்டை ஒற்றைக் கம்பி முறையில் இணைத்திருந்தால் பல டிரைவ்கள் 200 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வாங்காது. 2,00,000 ÷ 2000 = நொடிக்கு 100 மி.மீ., அதாவது நிமிடத்துக்கு 6 மீட்டர். எங்கே திணறியதோ அதே எண். ஸ்க்ரூவும் மோட்டாரும் நன்றாகவே இருக்கின்றன, துடிப்பு போய்ச் சேரவில்லை. ஆர்டுயினோ ஊனோவில் ஓடும் சிறிய கன்ட்ரோலராக இருந்தால் அது தரும் துடிப்பே நொடிக்கு 30,000 அளவில்தான். அங்கே இந்தத் தடை இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

தீர்வுக்குச் செலவு இல்லை. ஒரு சுற்றுக்கு 10,000 என்பதை 4000 ஆக்குங்கள். மி.மீ.க்கு 800 துடிப்பு, 14 மீட்டருக்கு 187 கிலோஹெர்ட்ஸ். ஒரு துடிப்பின் நகர்வு 0.00125 மி.மீ. மரத்தில் பூ செதுக்க இதைவிட நுணுக்கம் தேவையில்லை. துடிப்பை எவ்வளவு சிறிதாக நறுக்கினாலும் ஸ்க்ரூவின் துல்லியம் அதனால் கூடிவிடாது. சாதாரண உருட்டு ஸ்க்ரூக்களில் 300 மி.மீ.க்கு 0.05 மி.மீ. வரை பிழை அனுமதிக்கப்படுகிறது.

இந்த எண்களைக் கன்ட்ரோலரில் எழுதும்போது அலகைப் பார்த்து எழுத வேண்டும். லினக்ஸ் சி.என்.சி. மென்பொருள் வேகத்தை நொடிக் கணக்கில் கேட்கிறது. ஜி.ஆர்.பி.எல். நிமிடக் கணக்கில் கேட்கிறது. ஒரே அச்சு, இரண்டு விதமாக எழுதப்படும்:

```
SCALE = 800
MAX_VELOCITY = 233

$100=800
$110=14000
```

மேலே உள்ள இரண்டு வரி லினக்ஸ் சி.என்.சி.க்கு, கீழே உள்ளவை ஜி.ஆர்.பி.எல்.லுக்கு. லினக்ஸ் சி.என்.சி.யில் 14000 என்று எழுதிவிட்டால் நொடிக்கு 14 மீட்டர் ஓடலாம் என்று அனுமதி கொடுத்ததாக ஆகும். மென்பொருள் அதை மறுக்காது. முதல் வேக நகர்விலேயே சர்வோ பிழை காட்டி நிற்கும், அல்லது ஸ்க்ரூ எல்லை தாண்டிச் சுற்றும்.

கணக்கு சரியா என்று பார்க்க வேகத்தை அளக்கத் தேவையில்லை, தூரத்தை அளந்தாலே போதும். வேகமும் தூரமும் ஒரே லீட், ஒரே விகிதத்தில் இருந்துதான் வருகின்றன. அச்சை மெதுவான வேகத்தில் ஒரே திசையில் 300 மி.மீ. நகரச் சொல்லி, நல்ல ஸ்கேலால் அளந்து பாருங்கள். தவறு எங்கே என்பதை வரும் எண்ணே சொல்லிவிடும். நம் ரவுட்டரில் 300 சொல்லி 150 நகர்ந்தால், குறைப்பு விகிதத்தையே கணக்கில் சேர்க்கவில்லை. 75 மட்டும் நகர்ந்தால், பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்திருக்கிறோம். விகிதத்தைத் தலைகீழாகப் போட்டால் பிழை அந்த விகிதத்தின் வர்க்கமாக வரும், இரண்டுக்கு நான்கு. 304.8 வந்தால் அங்குல ஸ்க்ரூ. எவ்வளவு தூரம் நகர்ந்தாலும் பிழை 0.1 மி.மீ. அளவிலேயே நின்று, திசை மாற்றும்போது மட்டும் தெரிந்தால் அது கணக்குப் பிழை அல்ல, நட்டிலோ பேரிங்கிலோ உள்ள ஆட்டம். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை வந்தால் புல்லியின் திருகு தளர்ந்து தண்டில் வழுக்குகிறதா, அல்லது துடிப்பு தொலைகிறதா என்று பார்க்க வேண்டும்.

தூரம் சரியாக வந்தபின் வேகத்தைக் கடிகாரத்தில் பார்க்கலாம். நிமிடத்துக்கு 6000 மி.மீ. என்று சொல்லி 1000 மி.மீ. ஓடவிட்டால் பத்து நொடிக்குச் சற்று மேல் ஆக வேண்டும். அந்தச் சிறு மிச்சம் வேகமெடுக்கவும் நிற்கவும் ஆகும் நேரம். நேரம் மிக அதிகமாக இருந்து, நின்ற இடம் மட்டும் சரியாக இருந்தால், கன்ட்ரோலரில் எங்கோ ஒரு வேக வரம்பு குறைவாக எழுதப்பட்டிருக்கிறது.

வேகமெடுப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏனென்றால் ரவுட்டர் வாங்குபவர்கள் 14 மீட்டர் வேகம் என்று கேட்டதும் செதுக்கும் நேரமும் அதற்கேற்பக் குறையும் என்று எதிர்பார்க்கிறார்கள். நொடிக்கு நொடி 1000 மி.மீ. வேகம் கூட்டும் அமைப்பில், 233 மி.மீ. வேகத்தை எட்ட 27 மி.மீ. தூரம் வேண்டும், நிற்க இன்னொரு 27. ஓய்வில் தொடங்கி ஓய்வில் முடியும் 10 மி.மீ. நகர்வில் அதிகபட்சம் எட்டுவது நொடிக்கு 100 மி.மீ. மட்டுமே, நிமிடத்துக்கு 6 மீட்டர். பூவேலையில் கருவியின் பாதை ஒவ்வொரு மி.மீ.க்கும் திசை மாறுகிறது. அங்கே வேலையின் வேகத்தை முடிவு செய்வது முடுக்கமே. 14 மீட்டர் என்பது ஒரு பூவை முடித்துவிட்டு அடுத்த மூலைக்குத் தாவும் வெற்று ஓட்டத்தில்தான் தெரியும். கதவு செதுக்கும் இயந்திரத்தின் தரத்தை அதிகபட்ச வேகத்தை மட்டும் வைத்து மதிப்பிடுவது சரியல்ல.

ஆகவே இயந்திரம் கட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டாரை வாங்கிவிட்டு அதற்கேற்ற ஸ்க்ரூ தேடாதீர்கள். முதலில் பேரிங்குகளின் இடைவெளியை அளந்து ஸ்க்ரூவின் எல்லை ஆர்.பி.எம்மைக் கண்டுபிடியுங்கள். வேண்டிய வேகத்தை அதனால் வகுத்தால் லீட் கிடைக்கும். மோட்டாரின் ஆர்.பி.எம்மை ஸ்க்ரூவின் ஆர்.பி.எம்மால் வகுத்தால் புல்லி விகிதம் கிடைக்கும். கட்டி முடித்தபின் லீட், இரண்டு புல்லிகளின் பல் எண்ணிக்கை, ஒரு சுற்றுக்கான துடிப்பு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். சில ஆண்டுகள் கழித்து மோட்டாரையோ கன்ட்ரோலரையோ மாற்ற வருபவருக்கு அந்த எண்கள்தான் முதலில் தேவைப்படும்.